உருளைக்கிழங்குத் துண்டு சாதாரண நீரில் நீளவே மாட்டேன் என்கிறது

எட்டாம் வகுப்புக்குச் சவ்வூடுபரவல் பாடம். 40 நிமிட வகுப்புக்குள் உருளைக்கிழங்குச் சோதனையை முடிக்க முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தோல் நீக்கி 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. தடிமனில் வெட்டினோம். ஒரு குவளையில் 200 மி.லி. சாதாரண நீர், இன்னொன்றில் அதே அளவு நீரில் 10 கிராம் உப்பு. உப்பு நீரில் சுருங்கும், சாதாரண நீரில் நீளும் என்று மாணவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

35 நிமிடம் கழித்து உப்பு நீர்த் துண்டு 48 மி.மீ. விரலில் பிடித்தால் தொய்ந்து வளைகிறது. மற்றது விறைப்பாக இருக்கிறது, ஆனால் அளவு அதே 50. "நீளலையே, எங்க கணிப்பு தப்பா?" என்று கேட்டார்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் 52 வருகிறது, ஆனால் மாற்றம் நடப்பதை அவர்கள் பார்க்க முடியவில்லை.

எடையும் போட்டுப் பார்த்தேன். எங்கள் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் பத்துத் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தோம்: ஒரு குழுவுக்கு 54 கிராம் 56 ஆனது, அழுத்தித் துடைத்த குழுவுக்கு 54-ஆகவே நின்றது.

இதே தராசையும் அளவுகோலையும் வைத்து, சாதாரண நீரில் துண்டு பெரிதாவதை 35 நிமிடத்தில் தெளிவாகக் காட்ட எவ்வளவு மெல்லியதாக வெட்ட வேண்டும்?