1-க்கு என்ன பெயர் வைக்கலாம்? (பகுவும் இல்லை, பகாவும் இல்லை)

மலர்விழி:
வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணித விளையாட்டுச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எண்ணைத் தொட்டால் அது எந்த வகை என்று திரையில் வரும். 7 பகா எண், 12 பகு எண், இதில் சிக்கல் இல்லை. 1-ஐத் தொட்டால் மூலத்தில் யூனிட் என்று வருகிறது. அலகு என்று போட்டேன். விளையாடிப் பார்த்த பையன் "அலகுன்னா சென்டிமீட்டர் மாதிரியா?" என்று கேட்டான், அதை எடுத்துவிட்டேன். வேறு சொல் வேண்டும். அப்புறம், 0-ஐ இரட்டை எண் என்று செயலி சொல்கிறது, அது சரியா?

குமரேசன்:
தப்பு. பூஜ்ஜியம் ஒற்றையும் இல்லை இரட்டையும் இல்லை, நடுவில் நிற்பது. 1-க்குப் புதுச்சொல்லும் தேவையில்லை, அது பகா எண்தான். பகா என்றாலே பகுக்க முடியாதது, 1-ஐ எதைக் கொண்டு பகுப்பீர்கள்?

இராசகோபால்:
தம்பி குமரேசன், 0 நடுவில் நிற்பது மிகை எண், குறை எண் என்று பிரிக்கும்போதுதான். ஒற்றை, இரட்டை வேறு கேள்வி. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா விளையாடியிருப்பீர்களே, கையைத் திறந்ததும் இரண்டிரண்டாக ஒதுக்குவோம், கடைசியில் ஒரு கொட்டை துணையில்லாமல் நின்றால் ஒற்றை. வெறுங்கையைத் திறந்தால் துணையில்லாமல் நிற்க அங்கே ஒன்றுமே இல்லை. அதனால் இரட்டை. 4, 2 என்று இரண்டிரண்டாக இறங்கி வந்தாலும் அடுத்த படி 0-தான்.

1 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் 1-ஐப் பகா எண்ணாகத்தான் எடுத்துக்கொண்டார், 1914-இல் லேமர் வெளியிட்ட பட்டியலும் 1-இல்தான் தொடங்குகிறது. பிறகு ஏன் கைவிட்டார்கள்? 12-ஐப் பகா எண்களின் பெருக்கலாக 2×2×3 என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும், வரிசையை மாற்றலாம் அவ்வளவுதான். 1-ஐயும் சேர்த்தால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று முடிவே கிடையாது, ஒவ்வொரு தேற்றத்திலும் "1 நீங்கலாக" என்று வால் ஒட்ட வேண்டிவரும்.

நம் மொழியில் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. இலக்கண வகுப்பில் ஒரு பதம் பகுபதம், இல்லாவிட்டால் பகாப்பதம், மூன்றாவது கிடையாது. பிள்ளைகள் அதே நினைப்போடு கணக்கு வகுப்புக்கு வருகிறார்கள்.

சிவகௌரி:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது முதன்மை எண் என்று. அதிலும் இதே பிரச்சினைதான், முதன்மை என்றால் முதலாவது, அப்ப முதலாவது எண் 1 தானே என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார்.

அருண்:
பகா எண் கண்டுபிடிக்க நான் எழுதிய நிரல் 1-க்கும் True தருகிறது, பைத்தானில் பிழையா?

```
def is_prime(n):
    for d in range(2, n):
        if n % d == 0:
            return False
    return True
```

இராசகோபால்:
பிழை பைத்தானில் இல்லை தம்பி. n=1 என்றால் range(2, 1) காலி, சுற்று ஒரு தடவைகூட ஓடாமல் நேராக True-க்குப் போய்விடுகிறது. 0 கொடுத்துப் பாருங்கள், அதற்கும் True வரும். முதல் வரியிலேயே `if n < 2: return False` போடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். யூனிட் என்பது 1 மட்டும் இல்லை, முழுக்களில் -1-உம் அதுதான். 5-ஐ -1-ஆல் பெருக்கினால் -5, திரும்ப -1-ஆல் பெருக்கினால் 5-க்கே மீண்டுவிடலாம். 2-ஆல் பெருக்கிப் 10 ஆனால், மீள அரை வேண்டும், அது முழு எண் இல்லை. பெருக்கிய பின் அதே கூட்டத்துக்குள்ளிருந்தே மீள வழி தருவதால் மீளி என்று வைக்கலாமா?

குமரேசன்:
ஐயா, 0 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீளி பழைய இலக்கியத்தில் வீரனைக் குறிக்கும் சொல். மீளெண் என்றால் குழப்பம் வராது.

சிவகௌரி:
எங்களுக்கு வரும். 0.333... போன்றதை நாங்கள் மீளும் தசமம் என்கிறோம், மீளெண் என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். எனக்கு மீளி பிடித்திருக்கிறது.

மலர்விழி:
மீளி சின்னச் சொல், பெட்டிக்குள்ளும் அடங்குகிறது. ஆனால் செயலியில் -1 வருவது கடைசி நிலையில்தான், அதுவரை 1 ஒன்றுக்காக இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இந்தப் பதிப்பில் 1-க்கு "பகுவும் அல்ல, பகாவும் அல்ல" என்றே போடுகிறேன், 0-க்கு இரட்டை எண் அப்படியே இருக்கட்டும். இராசகோபால் ஐயா, பின்னங்களில் 0 தவிர எல்லா எண்ணுமே மீளி ஆகிவிடுமே, அங்கேயும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமா?