இரவு ஒரு மணிக்குக் கிண்டியில்: பஸ், மருந்து, சாப்பாடு

கிண்டித் தொழிற்பேட்டை ஊழியர்: இரண்டாம் ஷிப்ட் முடிய இரவு பன்னிரண்டரை. வீடு தாம்பரம். மின்சார ரயில் நள்ளிரவோடு ஓய்ந்தால் மறுபடி விடியற்காலையில்தான். முன்பு கோயம்பேட்டிலிருந்து தெற்கே போகும் வெளியூர் பஸ் கைகாட்டினால் நிற்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபின் அவை அங்கிருந்தே கிளம்புகின்றன. நீங்கள் எப்படி வீடு சேர்கிறீர்கள்?

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்: ஒரு மாதம் நானும் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, கிளாம்பாக்கம் போகும் மாநகர பஸ்ஸும் தாம்பரத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்! பலகையில் தாம்பரம் என்று மட்டும் தேடியதால் இரண்டு பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்கிறேன். இரவுச் சேவையில் கட்டணம் இரட்டிப்பு. சில்லறை இல்லையென்றால் நடத்துநரிடம் பாட்டுக் கேட்க வேண்டியதுதான்.

குரோம்பேட்டைவாசி: எனக்குப் பஸ் கிடைத்தது, மருந்துதான் கிடைக்கவில்லை. போன மாதம் ஒன்றே முக்காலுக்கு மனைவிக்கு இழுப்பு, இன்ஹேலர் காலி. '24 மணி நேரம்' என்று பலகை மாட்டிய கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். அடுத்ததும் அப்படியே. அரை மணி நேரம் போயிற்று.

இரவுப்பணி செவிலியர்: பலகையை நம்பாதீர்கள். உள்நோயாளிகள் இருக்கும் மருத்துவமனையின் வளாகத்துக் கடையில்தான் இரவிலும் ஆள் இருப்பார். வெளியாட்களுக்கும் பெரும்பாலும் தருவார்கள். மருத்துவச் சீட்டைக் கேட்பார்கள், அதனால் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் அன்று நீங்கள் கடை தேடியதே தவறு. மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றால் 108தான். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நெபுலைசர் வைப்பார்கள்.

காவலாளி: சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! என் கணக்கு எளிது: ஆவி பறந்தால் பயமில்லை. ஃபிரைடு ரைஸ் கண்ணெதிரே வதங்குகிறது, அதில் என்ன கெட்டுவிடும்?

தள்ளுவண்டி நடத்தியவர்: அண்ணே, வதங்குவது இப்போது, சோறு வெந்தது மாலை ஆறு மணிக்கு. கூடையில் வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் கிருமி விடும் நச்சு, சட்டியில் எவ்வளவு புரட்டினாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்தால் முதலில் அந்தச் சோற்றைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு மணிக்கு நான் சாப்பிடுவது தோசை, ஆம்லெட். தேங்காய்ச் சட்னி வேண்டாம். பொடியும் எண்ணெயும் போதும். சோறு எப்போது வடித்தது என்று கேளுங்கள், கடைக்காரர் முகமே சொல்லிவிடும்.

காவலாளி: பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

தரவு மையப் பணியாளர்: லிஃப்ட் அண்ணா, நான் பெண். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நிறுத்தம் எது? நீங்கள் ஏறும் இடத்தில் ஒரு மணிக்கு வேறு யாராவது நிற்கிறார்களா?

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்: வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் கூட்டமாக நிற்பார்கள். மற்ற நாளில் நானும் ஒரு டீக்காரரும்தான்.