கல்யாண போட்டோகிராபி ரேட் கார்டில் "ஒரு நாள்" என்று போடலாமா?

திண்டுக்கல்_லென்ஸ்

வாட்ஸ்அப்பில் கல்யாண ஆர்டர் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வரியிலேயே "ரேட் என்ன" என்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து அலுத்துவிட்டது. ஒரு பக்க ரேட் கார்டு போடப் போகிறேன். எழுதி வைத்திருப்பது இதுதான்: சில்வர் 45,000, டிரெடிஷனல் போட்டோ, வீடியோ, 30 ஷீட் ஆல்பம், ஒரு நாள். கோல்டு 75,000, அதோடு கேண்டிட் போட்டோ, 40 ஷீட், ஒரு நாள். பிளாட்டினம் 1,20,000, கேண்டிட் வீடியோ, ட்ரோன், எல்இடி திரை, இரண்டு ஆல்பம். கீழே ஆட்-ஆன் என்று பதினைந்து ஐட்டம். எதை மாற்றலாம், சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_ஸ்டூடியோ

தம்பி, விலையை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த "ஒரு நாள்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், விடிந்தால் முகூர்த்தம். வீட்டுக்காரர்கள் கணக்கில் அது ஒரே கல்யாணம், ஒரே மண்டப வாடகை, அதனால் ஒரு நாள். உங்கள் கணக்கில் இரண்டு வேலை. சிலர் காலையில் நலங்கு, மாலையில் ரிசப்ஷன் வைத்துவிட்டு "ஒரு நாள்தானே" என்பார்கள், அவர்கள் சொல்வதும் தப்பில்லை, கார்டில் அப்படித்தானே இருக்கிறது. நிகழ்ச்சி என்று போடுங்கள். ஒரு நிகழ்ச்சி என்றால் 6 மணி நேரம் வரை. கோல்டில் 2 நிகழ்ச்சி, ரிசப்ஷனும் முகூர்த்தமும்.

உங்கள் கோல்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் போடுவது எங்கள் பக்கத்து கூலி, உங்கள் ஊரில் கொஞ்சம் மாறும். வெளியிலிருந்து கேண்டிட் ஆள் வைத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு 8,000, வீடியோ ஆளுக்கு 5,000, நீங்கள் எடுக்கும் டிரெடிஷனலுக்கு உங்கள் கூலி 4,000. உங்கள் கூலியையும் செலவாகத்தான் எழுத வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆக ஒரு நிகழ்ச்சிக்கு 17,000, இரண்டுக்கு 34,000. ஆல்பம் ஷீட் பிரிண்ட் 250 வீதம் 40 ஷீட் 10,000, பேடும் பெட்டியும் 2,500, டிசைன் ஷீட்டுக்கு 100 என்று 4,000. வீடியோ எடிட்டிங் 5,000, வண்டி சாப்பாடு 3,000, பென் டிரைவ் வகையறா 1,500. கூட்டினால் 60,000. மீதி 15,000இல்தான் கேமரா தேய்மானம், கடை வாடகை, லாபம் எல்லாம். இப்போது "ஒரே கல்யாணம்தானே" என்று நிச்சயத்தையும் உள்ளே தள்ளினால் இன்னொரு 17,000 ஏறும், செலவு 77,000 ஆகிவிடும். 75,000 வாங்கி 77,000க்கு வேலை.

சில்வர் இன்னும் மோசம். இதே கணக்கில் கேண்டிட் இல்லாமல் 30 ஷீட்டோடு 40,500 வருகிறது. யாராவது 5,000 குறைக்கச் சொன்னால் நீங்கள் கையிலிருந்து 500 போடுகிறீர்கள். அதை 52,000 ஆக்குங்கள், முடியாதென்றால் சில்வரை ஒரே நிகழ்ச்சியாக்கி விலையைக் குறையுங்கள். முகூர்த்தம் மட்டும் போதும் என்கிற வீடுகளுக்கு அதுதான் பொருந்தும்.

ஈரோட்டு_ஃபிரேம்

அக்கா கணக்கு சரி, ஆனால் கார்டில் விலை போடுவதே தேவையில்லை என்பது என் கட்சி. "கேண்டிட் பேக்கேஜ் 60,000 முதல்" என்று ஒரே வரி, மீதி போனில். வைகாசி வளர்பிறை முகூர்த்தத்தன்று கேண்டிட் ஆள் 8,000க்கு வருவானா? அன்றைக்கு 12,000 கேட்கிறான், அதுவும் கெஞ்சினால்தான். ஆடியில் அவனே 5,000க்கு வருகிறான். ஒரே விலையை அச்சடித்தால் ஒன்று முகூர்த்த நாளில் அடிபடுவோம், இல்லையென்றால் சும்மா இருக்கும் மாதத்தில் ஆர்டர் போய்விடும். அப்புறம் பக்கத்து ஸ்டூடியோக்காரன் தன் மச்சானை விட்டு கார்டு வாங்கி 3,000 குறைத்துப் போடுவான். இதெல்லாம் நடக்கிற ஊரில்தான் நாம் கடை வைத்திருக்கிறோம்.

சேலத்து_மாப்ள

நான் போட்டோகிராபர் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு ஆள் தேடியவன். "முதல்" என்று போட்டு வந்த கார்டுகளை நாங்கள் கூப்பிடவே இல்லை, ஏனென்றால் அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. விலை போட்டவர்களிலும் ஒரே குழப்பம். ஒருவர் 40 ஷீட் என்கிறார், ஒருவர் 80 பக்கம் என்கிறார், இன்னொருவர் 300 போட்டோ என்கிறார். எது அதிகம் என்று அப்பா என்னைக் கேட்டால் நான் யாரைக் கேட்பேன்? 40 ஷீட்டும் 80 பக்கமும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, ஒரு ஷீட்டில் இரண்டு பக்கம்.

மலைக்கோட்டை_ஸ்டூடியோ

இது நல்ல பாயின்ட். "12க்கு 36 ஆல்பம், 40 ஷீட், அதாவது 80 பக்கம், சுமார் 250 போட்டோ வரை" என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் எவருடைய கார்டோடு வைத்துப் பார்த்தாலும் ஒப்பிட முடியும்.

ஈரோடு அண்ணன் சொன்ன முகூர்த்தச் செலவு உண்மைதான், அதற்கு விலையை ஒளிக்க வேண்டியதில்லை. கார்டு விலையை முகூர்த்த நாள் கூலியை வைத்தே போடுங்கள், சும்மா இருக்கும் மாதத்துக்குப் போனில் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஏற்றினால்தான் வருவார்கள். நான் மேலே போட்ட கணக்கு சாதாரண நாள் கூலி, உங்கள் முகூர்த்த நாள் கூலியை வைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள் தம்பி, கோல்டு 75,000இல் நிற்காது.

மணமேடை_மேக்கப்

எங்கள் வேலையிலும் இதே தொல்லை. கார்டில் மணப்பெண் மேக்கப், ஹேர் ஸ்டைல், புடவை கட்டுவது என்று தெளிவாகத்தான் போட்டிருந்தேன். விடியற்காலை 3 மணிக்குப் போய் உட்கார்ந்தால் அம்மா, அத்தை, நாத்தனார் என்று வரிசையாக வந்து "எனக்கும் கொஞ்சம் டச்சப்" என்பார்கள், காசு கேட்டால் முகம் சுருங்கும். "குடும்பத்தினர் ஒருவருக்கு இவ்வளவு, முதல் நாளே எண்ணிக்கை சொல்ல வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்த பிறகு நின்றது. ஜடை அலங்காரத்துக்குப் பூ யார் வாங்குவது என்பதையும் போட்டுவிடுங்கள் தம்பி.

திண்டுக்கல்_லென்ஸ்

அக்கா, நான் மேக்கப் இல்லை, போட்டோ! ஆனால் "முதல் நாளே சொல்ல வேண்டும்" என்ற வரி எனக்கும் ஆகும் போல. போன மாதம் ஒரு வீட்டில் ரிசப்ஷன் அன்று மதியம் ட்ரோன் கேட்டார்கள்.

மலைக்கோட்டை_ஸ்டூடியோ

ஆட்-ஆன் பதினைந்து போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், இரண்டு கூறாகப் பிரியுங்கள். கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை ஒரு பக்கம்: ட்ரோன், எல்இடி திரை, நேரலை, கூடுதல் நிகழ்ச்சி. இவற்றுக்கெல்லாம் ஆளோ சாமானோ புக் செய்ய வேண்டும், அதனால் "15 நாள் முன்பு வரை" என்று போடுங்கள். கல்யாணம் முடிந்தும் கேட்கக்கூடியவை இன்னொரு பக்கம்: கூடுதல் 10 ஷீட், பெற்றோருக்கு இன்னொரு ஆல்பம், சுவர் ஃபிரேம். உண்மையில் காசு தருவது இந்த இரண்டாவது பக்கம்தான். போட்டோ செலக்ட் செய்ய உட்காரும்போது 40 ஷீட்டில் அடங்காது, எந்த வீட்டிலும் அடங்கினதில்லை. பிரிண்டும் டிசைனும் சேர்த்து 10 ஷீட்டுக்கு 3,500 ஆகும், 5,000 என்று கார்டில் முன்பே இருந்தால் அன்றைக்குப் பேரம் வராது.

ட்ரோன் வரியில் "அனுமதி உள்ள இடங்களில் மட்டும்" என்று கட்டாயம் எழுதுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசு வாங்கி ஓட்டினால் பைலட் சான்றிதழும் வேண்டும்.

ஈரோட்டு_ஃபிரேம்

ஆல்பத்தை பேக்கேஜை விட்டே வெளியே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. விலையும் குறைவாகத் தெரியும், ஒரு வருஷம் கழித்து செலக்ட் செய்து தருகிறவனுக்குப் பழைய பேப்பர் விலையில் பிரிண்ட் போட வேண்டியும் வராது. அப்புறம் எல்லா விலைக்கும் கீழே "ஜிஎஸ்டி 18% தனி" என்று போட்டு வைத்துவிடு, பேரம் பேசும்போது அதை விட்டுக்கொடுத்த மாதிரி காட்டலாம்.

மலைக்கோட்டை_ஸ்டூடியோ

அண்ணே, இந்த ஜிஎஸ்டி யோசனை வேண்டாம். 18% என்பது சரிதான், ஆனால் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்தப் பெயரில் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், தம்பி அங்கே இருக்கிற மாதிரி தெரியவில்லை. பதிவு இருந்தாலும் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு வரி சேர்த்த முழு விலையைக் காட்டுவதுதான் நல்லது, கடைசியில் 13,500 ஏறினால் யாருக்கும் பிடிக்காது.

ஆல்பத்தை வெளியே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்கள் கேட்பதே "ஆல்பம் எப்போது வரும்" என்பதைத்தான். தாமதம்தான் கவலை என்றால் "90 நாளுக்குள் செலக்ஷன் தர வேண்டும், தாண்டினால் அன்றைய பிரிண்ட் விலை" என்ற வரி போதும்.

சேலத்து_மாப்ள

90 நாளா? எங்கள் வீட்டில் தாய்மாமன் வரிசை போட்டோ எது வைப்பது என்பதிலேயே அது போய்விடும். ஆல்பம் தனியாக இருந்தால் நான் வாங்கியிருப்பேன், என் அம்மா "ஆல்பம் இல்லாமல் 60,000ஆ" என்றிருப்பார்.

திண்டுக்கல்_லென்ஸ்

மாற்றி எழுதியது:

> முகூர்த்தம் – 1 நிகழ்ச்சி, 6 மணி நேரம் வரை. டிரெடிஷனல் போட்டோ, வீடியோ. 30 ஷீட் ஆல்பம். ₹38,000
>
> கல்யாணம் – ரிசப்ஷன், முகூர்த்தம், 2 நிகழ்ச்சி. மேலே உள்ளவற்றோடு கேண்டிட் போட்டோ. 40 ஷீட், 80 பக்கம், சுமார் 250 போட்டோ வரை. ₹85,000
>
> 15 நாள் முன்பு சொல்ல வேண்டியவை – கூடுதல் நிகழ்ச்சி ₹25,000, ட்ரோன் ₹9,000 (அனுமதி உள்ள இடங்களில் மட்டும்), எல்இடி திரை ₹12,000
>
> பிறகும் சேர்க்கலாம் – 10 ஷீட் ₹5,000, இன்னொரு ஆல்பம் ₹15,000
>
> திண்டுக்கல்லிலிருந்து 40 கி.மீ. தாண்டினால் வண்டிச் செலவு தனி. இந்த விலை வரும் மார்ச் வரை.

பிளாட்டினத்தை எடுத்துவிட்டேன், அது ஆட்-ஆன்களைக் கூட்டினால் தானாக வருகிறது.

மலைக்கோட்டை_ஸ்டூடியோ

மார்ச் வரை என்று போட்டது நல்லது, பழைய கார்டு குடும்ப குரூப்புகளில் சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு வருஷம் கழித்து யாரோ சித்தப்பா அதைக் காட்டுவார். ஆனால் "மார்ச் வரை புக் செய்தால்" என்று எழுதுங்கள், இல்லையென்றால் ஆவணி கல்யாணத்துக்கு ஜனவரியில் அட்வான்ஸ் கொடுத்தவர் குழம்புவார். அட்வான்ஸ் எவ்வளவு, அது வந்தால்தான் தேதி உறுதி என்பதும் விட்டுப்போயிருக்கிறது. அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக பிடிஎஃப் அனுப்புங்கள், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது சின்ன எழுத்து மங்கிவிடும்.

ஈரோட்டு_ஃபிரேம்

பிடிஎஃபை எவன் திறக்கிறான், படமாகவே போடு, எழுத்தைப் பெரிசாக வை. பிளாட்டினத்தை எடுத்ததும் தப்பு. 1,20,000 பக்கத்தில் இருந்தால்தான் 85,000 கம்மியாகத் தெரியும், யாரும் வாங்காவிட்டாலும் அது அங்கே நிற்க வேண்டும்.

திண்டுக்கல்_லென்ஸ்

அட்வான்ஸ் 10,000 சேர்த்துவிடுகிறேன். பிளாட்டினம் இல்லாத கார்டை இந்த வாரம் கேட்கிறவர்களுக்கு அனுப்பிப் பார்க்கிறேன், அடுத்த வாரம் பிளாட்டினத்தோடு. எத்தனை பேர் திருப்பிக் கூப்பிடுகிறார்கள் என்று வந்து சொல்கிறேன்.