கூட்டினால் 62 நிமிடம், முடித்ததோ 64:10

மூன்று ஞாயிறுகளாக என் ஓட்டக் குறிப்பேட்டின் கணக்கு உதைக்கிறது. கோவை ரேஸ்கோர்ஸில் நான்கு சுற்று, சுற்றுக்கு ஏறத்தாழ 2.5 கி.மீ. என்னிடம் இருப்பது இரண்டு வருடப் பழைய ஜி.பி.எஸ். கைக்கடிகாரம்.

சுற்று நேரங்கள் 15:10, 15:25, 15:40, 15:45, கூட்டினால் 62:00. கடிகாரம் காட்டிய தூரம் 10.33 கி.மீ., சராசரி வேகம் கிலோமீட்டருக்கு 6:00. பெருக்கினால் அதுவும் 62தான். ஆனால் நண்பர் ஸ்டாப்வாட்சில் பிடித்த முடிவு நேரம் 64:10.

நிற்கும்போது தானாக நிற்கும் வசதியை அணைத்துவிட்டுப் போன வாரம் ஓடினேன். நேரம் பொருந்திவிட்டது. தண்ணீர் குடிக்க நின்றதையெல்லாம் கடிகாரம் விழுங்கியிருக்கிறது. தூரம் மட்டும் மசியவில்லை. சிக்னல் கிடைக்கும்வரை காத்திருந்து கிளம்பியும், மீண்டும் 10.3தான். மரநிழலும் வளைவுகளும் காரணம் என்று சந்தேகம்.

64:10-ஐ 10 கி.மீ.யால் வகுத்தால் 6:25, 10.33-ஆல் வகுத்தால் 6:13. அரை மாரத்தானில் இது நான்கு நிமிட வித்தியாசம். வேகமான கணக்கை நம்பிக் கிளம்பினால் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கிவிடும்.

இலக்கு வேகத்தை நிர்ணயிக்க எந்தத் தூரத்தை எடுத்துக்கொள்வது: சாலையின் 10-ஆ, கடிகாரத்தின் 10.33-ஆ?