புதுப்பிப்பு: டிவி ஹெட்ஃபோன் தாமதம்

நான் முன்பு கேட்டது: "டிவியில் வாய் முதலில் அசையுது, ஹெட்ஃபோனில் குரல் பிந்தி வருது, இடைக்கிடை வெட்டுது. என்ன செய்யலாம்?"

புளூடூத் 5 டிரான்ஸ்மிட்டர் போட்டால் சரி என்றார் ஒருவர். வெட்டுவது குறைந்தது, பிந்துவது அப்படியே. விஷயம் தெரிந்த அண்ணா சொன்னதுதான் காரணம்: ஒலியைப் பிந்தாமல் அனுப்பும் ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் டிரான்ஸ்மிட்டர், ஹெட்ஃபோன் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஹெட்ஃபோனில் இல்லாவிட்டால் இணைப்பு எஸ்பிசி என்ற அடிப்படைக் கோடெக்குக்கு இறங்கிவிடும், அதில் 200 மில்லிசெக்கன் பிந்துவது சாதாரணம்.

புறக்கோட்டையில் அந்த கோடெக் உள்ள ஹெட்ஃபோனும் டிரான்ஸ்மிட்டரும் தேடி வாங்கி ஆப்டிகல் வயரில் கொழுவினால் சத்தமே இல்லை, டிவியின் ஒலி அமைப்பை டால்பியிலிருந்து PCM-க்கு மாற்றிய பிறகுதான் வந்தது. இப்போது உதடும் குரலும் ஒட்டியே போகின்றன, அம்மா நிம்மதியாகச் செய்தி பார்க்கிறார்!

சவுண்ட்பார் பிந்துது என்ற அக்கா, புளூடூத்தை விட்டு HDMI ARC வயரில் கொழுவிப் பாருங்கள்.

மைக்ரோவேவ் ஓடும்போது இன்னும் வெட்டுகிறது, அதுவும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதால். டிரான்ஸ்மிட்டரை டிவிக்கு முன்னால் வைத்துப் பார்க்கப் போகிறேன்.