அம்மா கனவில் வந்து அணைத்தால்: மறுபடி வரவழைக்கலாமா?

மழைக்கால்: இறந்துபோன அம்மா கனவில் வந்து தலையில் கைவைத்து ஆசி சொன்னாள். ரெண்டு நாள் மனசு லேசாக இருந்தது. மறுபடி வரவழைக்க வழி இருக்கா? இல்லை, அப்படி ஆசைப்படுவதே தப்பா?

கறுப்புக்கண்ணாடி: ஆசைப்படலாம், நம்பத்தான் கூடாது. கனவு என்பது ஆசை போடும் வேஷம்னு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1900-லேயே எழுதிட்டார். மூளை நடத்துற நாடகத்தில் ஆறுதல் தேடினா துக்கம் தள்ளிப்போகுமே தவிர தீராது.

உறக்கக்கணக்கு: ஆசை மட்டுமே காரணம்னா, ஏங்குறவங்க எல்லாருக்கும் இதமான கனவே வரணும். பலருக்கு வர்றது நோய்ப்படுக்கையில் கிடக்கும் அம்மா, இல்லேன்னா கூப்பிட்டும் திரும்பாமல் போகிற அம்மா. அடுத்தது, துக்கம்னா பிடிப்பை அறுத்துக்கொள்வதுங்கிறதும் ஃப்ராய்ட் 1917-ல் சொன்ன கருத்துதான். 1996-ல் துக்கத்தை ஆராய்ந்த க்ளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் அதை மாற்றிப் பார்த்தார்கள். உறவை வேறு வடிவில் வைத்துக்கொண்டே நல்லபடி வாழ்கிறவர்கள் ஏராளம் என்பது அவர்கள் வாதம்.

மழைக்கால், கனவைக் கட்டளையிட்டு வரவைக்க முடியாது. ஆனா அது வரும் கதவை நாமே சாத்தாமல் இருக்கலாம். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடும். கனவு அடர்த்தியாக வரும் பகுதி முதல் சுற்றில் சில நிமிடம்தான், விடியல் பக்கம் போகப் போக நீளும். ராத்திரி 11 மணிக்குப் படுத்து 4.30-க்கு அலாரம் வைக்கிறவர், கடைசிச் சுற்றையே வெட்டிவிட்டு "எனக்குக் கனவே வரலை" என்கிறார். அவரே 6.30 வரை தூங்கினால் அந்தப் பகுதி கிடைக்கும். மது குடித்தால் முன்பாதி இரவில் கனவு அமுங்கி, பின்பாதியில் துண்டு துண்டாகப் பொங்கும். பெரும்பாலும் அது நல்ல கனவாக இருக்காது.

படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். ஒரு புகைப்படம், ஒரு நினைவு. கடைசி நாட்களின் நினைவு வேண்டாம், அம்மா நன்றாக இருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயம். அதற்கு மேல் முயன்றால் தூக்கமே கலையும்.

பொன்வண்டு: எங்க அம்மா கனவில் வந்து "வா, போகலாம்"னு கூப்பிட்டாங்க. எனக்கு ஏதாவது ஆகப்போகுதுன்னு அர்த்தமா சார்?

உறக்கக்கணக்கு: அவர் கேட்டது வேறங்க. இருந்தாலும் சொல்றேன், கனவு வரப்போறதைச் சொல்லும் அறிக்கை இல்லை. ஆனா பகலிலும் "அம்மாகிட்டயே போயிடலாம்"னு தோணினால் கனவை அலசிக்கிட்டு இருக்காதீங்க. இன்றைக்கே நெருங்கின ஒருத்தர்கிட்டயும் மருத்துவர்கிட்டயும் சொல்லிடுங்க.

வேப்பம்பூ: சுற்று, நிமிடம் எல்லாம் சரி. வந்தது அம்மாவேதான் என்று ஒருவர் உணர்ந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எழுந்த பிறகும் தோளில் கையின் சூடு இருந்தது என்கிறார்களே.

உறக்கக்கணக்கு: அது அம்மாவா இல்லையா என்பதைத் தூக்க ஆய்வகம் சொல்லாது, நானும் சொல்லலை. ஒன்று மட்டும் கவனியுங்க. கனவில் காட்சிதான் மிகுதி, தொடுகை அபூர்வம். அதனால்தான் ஓர் அணைப்பு அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. அதைக் காப்பாற்றணும்னா விழித்ததும் புரளாதீங்க, போனை எடுக்காதீங்க. கண்ணை மூடியபடி கடைசிக் கணத்திலிருந்து பின்னோக்கி நடங்க: கை எங்கே இருந்தது, என்ன சேலை, குரல் கேட்டதா. பிறகு நாலு வரி எழுதுங்க. தெரிந்ததை மட்டும். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு எழுதினால், கனவில் இல்லாத வசனமெல்லாம் வந்து சேர்ந்திருக்கும்.

கறுப்புக்கண்ணாடி: சரி, அணைப்பு ஆறுதல்தான், விட்டுடறேன். தினமும் அதுக்காகவே காத்திருந்தா? ஏழரைக்கே படுத்துக்கிறவங்களைப் பார்க்கலையா?

உறக்கக்கணக்கு: அந்தக் கேள்வி நியாயம். கனவு வராத காலையில் "அம்மாவுக்கு என் மேல் கோபமோ"ன்னு நினைக்க ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. அப்போ அந்தப் பத்து நிமிடப் பயிற்சியையும் நிறுத்திடணும். நாள் முழுக்க விடாத ஏக்கம், வேலையும் உறவும் முடங்குவது, இது மாசக்கணக்கில் நீடித்தால் உதவி தேடணும். நீடித்த துக்கம் என்று அடையாளம் காண உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 6 மாதத்தைக் குறைந்தபட்சமாக வைக்கிறது, அமெரிக்க மனநலக் கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. கனவு வருவதோ வராததோ அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று, மனச்சோர்வு மாத்திரைகள் பல கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். அதற்காகத் தாமாக நிறுத்திடாதீங்க. திடீரென்று விட்டால் கொடுங்கனவுகள்தான் கூட்டமாக வரக்கூடும்.

வேப்பம்பூ: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கறுப்புக்கண்ணாடி: என்னுடையதும்தான்.

மழைக்கால்: என் அலாரம் 4.45. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். நீங்க சொன்ன மாதிரி பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன், குரலே கேட்கலை. ஆசி சொன்னாள்னு நான்தான் சேர்த்திருக்கேன் போல. கை மட்டும் நிச்சயம் இருந்தது.