தரகரின் ‘சாண்ட்பாக்ஸ்’: மணற்பெட்டியா, ஒத்திகைக்களமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

அன்புடையீர், வணக்கம்.

தரகர்கள், கிரிப்டோ சந்தைகள் ஆகியோரின் ஏபிஐ வழியாகப் பங்கு முதலியவற்றுக்கான ஆர்டர்களை அனுப்பும் ஒரு திறமூல மென்பொருளுக்குத் தமிழ் இடைமுகமும் கையேடும் உருவாக்கி வருகிறோம். உண்மைப் பணத்தைத் தொடுவதற்கு முன்பு ஆர்டர் செல்லும் வழி முழுவதையும் பழகிப் பார்க்கத் தரகரே தரும் போலிச் சூழலை ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘சாண்ட்பாக்ஸ்’ என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தரகரும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதை அவர்களுடைய முகவரிகளிலேயே காணலாம்.

```
sandbox.tradier.com
paper-api.alpaca.markets
api-fxpractice.oanda.com
testnet.binance.vision
```

முதலாவது மணற்பெட்டி என்கிறது, இரண்டாவது காகிதம் என்கிறது, மூன்றாவது பயிற்சி என்கிறது, நான்காவது சோதனை வலை என்கிறது. பயனர் எந்தத் தரகரை இணைத்தாலும் எங்கள் திரையில் ஒரே சொல்தான் தோன்ற வேண்டும். உலாவிகளைப் பற்றிய கட்டுரைகளில் ‘மணற்பெட்டி’ முன்பே புழங்குவதால் அதையே வைத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மென்பொருள் சோதனையாளர் எழுதியது

புதுச் சொல்லுக்கு இங்கே தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘சோதனைச் சூழல்’ என்பது எல்லாருக்கும் புரியும். எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அதைத்தான் சொல்கிறோம். தரகரின் சூழலில் ஓடும் விலைகள் சந்தையின் விலைகளே என்பதால், அங்கே சரியாக ஓடிய நிரல் நேரடி முகவரியிலும் அப்படியே ஓடும். அந்த உறுதியைத் தருவதுதானே சோதனை? மணற்பெட்டி என்றால் குழந்தைகள் விளையாடும் இடம் என்ற எண்ணமே வருகிறது.

ஆர்டர் மேலாண்மையில் பணிபுரிபவர் எழுதியது

சோதனையாளர் ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். மணற்பெட்டி என்ற சொல்லில் உள்ளே அடைத்து வைத்தல் என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. நம்பத் தகாத நிரலை உலாவி தனியே பூட்டி ஓட்டுவதற்கு அது பொருந்தும். இங்கே பூட்டி வைக்கப்படுவது எதுவும் இல்லை.

ஆனால் மற்றப் பாதியை, அதாவது அங்கே ஓடியது இங்கேயும் ஓடும் என்பதை, மறுக்க வேண்டியிருக்கிறது. சொல்லைத் தேர்வதற்கும் அதுவே அடிப்படை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். முதலாவதாக, விலை எப்போதும் அதே விலை அன்று. மேலே உள்ள பட்டியலில் முதல் தரகரின் போலிச் சூழலில் 15 நிமிடம் தாமதமான விலைகளே வருகின்றன. இரண்டாவதாக, விலை அதுவாகவே இருந்தாலும் ஆர்டர் நிறைவேறும் விதம் வேறு. நாம் 100 பங்குகளை ஒரு வரம்பு விலையில் வாங்க ஆர்டர் இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேரடிச் சந்தையில் அதே விலையில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் இருப்பார்கள், எதிரே விற்பவரிடம் 40 பங்குகளே இருக்கக்கூடும். போலிச் சூழலுக்கு வரிசையும் தெரியாது, எதிரே இருக்கும் அளவும் பெரும்பாலும் பொருட்டில்லை. விலை வரம்பைத் தொட்டவுடன் 100 பங்குகளையும் ஒரே வீச்சில் கொடுத்துவிடும். இந்தக் குறையை அறிந்தே ஆல்பாகா தன் போலிச் சூழலில் நிறைவேறும் ஆர்டர்களில் 10 விழுக்காட்டை வேண்டுமென்றே ஏதோ ஓர் அளவில் பகுதியாக நிறைவேற்றுகிறது. அதுவும் குலுக்கல்தானே தவிர சந்தை அன்று.

இதனால் என்ன கெடும் என்பதை நான் பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு காட்டுகிறேன். ஒரு நிரல் 100 பங்குகளை வாங்க ஆர்டர் இட்டது. 40 பங்குகள் கிடைத்தன. மீதி கிடைக்கத் தாமதமானதால் நிரல் ரத்துக் கோரிக்கை அனுப்பியது. அந்தக் கோரிக்கை சந்தையைச் சென்று சேர்வதற்குள் மேலும் 25 பங்குகள் கிடைத்துவிட்டன. கடைசியாக வந்த விடை இப்படி இருந்தது.

```
{"status": "canceled", "qty": "100", "filled_qty": "65"}
```

நிரலை எழுதியவர் முதல் புலத்தை மட்டும் படித்தார். ரத்தாகிவிட்டது, எனவே கையில் இருப்பது முன்பு வந்த 40 என்று கணக்கு வைத்துக்கொண்டு, 40 பங்குகளுக்கு மட்டும் நட்டத்தடுப்பு ஆர்டரை இட்டார். எஞ்சிய 25 பங்குகள் எந்தக் காப்பும் இல்லாமல் கிடந்தன. மறுநாள் தரகரின் இருப்புப் பட்டியலையும் நிரலின் கணக்கையும் ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது. அவர் போலிச் சூழலில் இரண்டு வாரம் ஓட்டியவர். அங்கே அனுப்பிய ஆர்டர் எல்லாம் நொடியில் முழுமையாக நிறைவேறியதால், ரத்தும் நிறைவேற்றமும் ஒன்றையொன்று முந்தும் நிலை ஒரு முறைகூட எழவில்லை.

ஆகவே அந்தச் சூழல் தருவது முடிவைப் பற்றிய உறுதி அன்று. எந்தச் செய்தி எந்த வரிசையில் போகிறது, எந்த விடைக்கு நிரல் என்ன செய்கிறது என்பதைப் பழகிக்கொள்ளவே அது உதவும். தமிழில் அதற்கு ‘ஒத்திகை’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. உரையாடலும் நுழைவும் வெளியேற்றமும் அதில் உண்மையானவை, அவையோர் மட்டும் இல்லை. ஒத்திகை நன்றாக நடந்ததால் நாடகம் வென்றுவிடும் என்று யாரும் நினைப்பதில்லை. சோதனை என்ற சொல்லோ தேறியது, தேறவில்லை என்ற தீர்ப்பைக் கையோடு கொண்டுவருகிறது. ‘ஒத்திகைக்களம்’ என்பது என் பரிந்துரை.

தனி முதலீட்டாளர் எழுதியது

இந்த விவாதத்தை ஆர்வத்தோடு படிக்கிறேன். நானும் கடந்த ஐந்தாண்டு விலைத் தரவை எடுத்து, இரண்டு சராசரிக் கோடுகள் வெட்டும் இடத்தில் வாங்கி விற்கும் என் உத்தியை ஓட்டிப் பார்த்தேன், நல்ல இலாபம் காட்டியது. அதைத்தான் ஒத்திகை என்கிறீர்கள் என்றால் அந்தச் சொல் மிகவும் பொருத்தமே.

ஆர்டர் மேலாண்மையில் பணிபுரிபவர் எழுதியது

நீங்கள் செய்தது வேறு ஐயா. பழைய தரவில் உத்தியை ஓட்டும்போது ஆர்டர் எங்கும் போவதில்லை. தரகரின் சேவையகம் அதில் இடம்பெறுவதே இல்லை. உத்தி சரியா என்பது உங்கள் கேள்வி, ஆர்டர் போய்ச் சேர்ந்து திரும்பும் வழி சரியா என்பது எங்கள் கேள்வி. அதற்குப் ‘பின்னோக்குச் சோதனை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே சோதனை என்ற சொல் இருப்பதே, இங்கே அதைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

சிறு குழுவில் நிரல் எழுதுபவர் எழுதியது

சொல் எதுவானாலும் அது திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது என் கவலை. எங்கள் தரகரிடம் போலிக்கும் நேரடிக்கும் முகவரி ஒன்றே, போர்ட் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறும். புதுக் கணினிக்கு அமைப்புக் கோப்பைப் படியெடுத்தபோது நேரடிக் கணினியின் கோப்பை எடுத்துவிட்டேன். பழகுவதாக நினைத்து 10 பங்குகளுக்கு ஓர் ஆர்டரை அனுப்பினேன். வரம்பு விலையைச் சந்தையை விடத் தாழ்வாக வைத்திருந்ததால் அது நிறைவேறவில்லை. கணக்கில் இருந்த தொகை போலிக் கணக்கின் உருண்டைத் தொகையாக இல்லாததைக் கண்டுதான் கையை எடுத்தேன். இப்போது நிரல் தொடங்கியதும் முதலில் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, ஒத்திகைக்கு என்று எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நின்றுவிடுமாறு செய்திருக்கிறோம். முகவரியை மட்டும் நம்புவதில்லை.

இன்னொன்று: ‘வெள்ளோட்டம்’ என்ற அழகான சொல் இருக்கும்போது ஏன் வேறு தேட வேண்டும்?

ஆர்டர் மேலாண்மையில் பணிபுரிபவர் எழுதியது

வெள்ளோட்டம் எனக்கும் பிடித்த சொல்லே. ஆனால் புதிதாகக் கட்டிய கப்பலை உண்மையான நீரில் இறக்கி ஓட்டுவதுதான் வெள்ளோட்டம். கப்பலும் மெய், நீரும் மெய். ஆகவே அது ஒத்திகைக்கு அடுத்த படிக்கு உரியது. நேரடி முகவரியில் முதன்முதலாக ஒரே ஒரு பங்குக்கு ஆர்டர் இட்டுப் பார்க்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நான் முன்பு சொன்ன ரத்துச் சிக்கலைக்கூட ஒத்திகைக்களத்தில் முழுமையாக வரவழைக்க முடியாது. 65 என்று விடை தரும் போலிச் சேவையகம் ஒன்றை நாமே எழுதி நிரலிடம் காட்ட வேண்டும், அல்லது வெள்ளோட்டத்தில் காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஒத்திகைக்களத்தில் கட்டாயம் பழக வேண்டியது என்று நான் கருதுவது இணைப்பு அறுபடுதல். ஆர்டரை அனுப்பிவிட்டு, விடை வருவதற்கு முன்பே நாமாக இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆர்டர் போனதா இல்லையா என்பது அப்போது நிரலுக்குத் தெரியாது. புதிய அடையாளத்தோடு மறுபடி அனுப்பினால் இரண்டு ஆர்டர்கள் ஆகிவிடும். முதலில் கொடுத்த `client_order_id` மதிப்பை வைத்துத் தரகரிடம் தேடி, இல்லை என்று வந்தால் மட்டும் அதே மதிப்போடு மறுபடி அனுப்புவது முறை. முதல் ஆர்டர் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்த மதிப்பு திரும்ப வரக்கூடாது என்று விதித்திருக்கும் தரகர் இரண்டாவதை மறுத்துவிடுவார். இதற்குச் சந்தையின் வரிசை தேவையில்லை என்பதால் ஒத்திகையில் இதை முழுமையாகவே பார்த்துவிடலாம்.

மென்பொருள் சோதனையாளர் எழுதியது

விலை பற்றி நான் சொன்னது சரியன்று என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பது எங்கள் துறையில் சோதனையே. தேறியது, தேறவில்லை என்ற தீர்ப்பு அதற்கு உண்டு. ஒத்திகைக்களத்தில் சோதனை நடக்கிறது என்று எழுத இடம் விட்டால் எனக்கு மறுப்பில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

அனைவருக்கும் நன்றி. மணற்பெட்டியை உலாவிக்கே விட்டுவிட்டு, தரகரின் சூழலுக்கு ‘ஒத்திகைக்களம்’ என்று வைக்கிறேன். வினையாக்கவும் அது எளிது: ‘ஆர்டரை ஒத்திகை பார்’ என்று பொத்தானில் எழுத முடிகிறது, மணற்பெட்டியைக் கொண்டு அப்படி ஒரு வினை அமைக்க எனக்கு வரவில்லை. ஒத்திகை ஆர்டர் ஒவ்வொன்றின் முன்னும் ‘ஒத்திகை’ என்ற சொல் தனி நிறத்தில் வரும், தொடக்கத்தில் கணக்கு எண்ணும் காட்டப்படும். நேரடியில் இடும் முதல் சிறு ஆர்டருக்கு ‘வெள்ளோட்டம்’ என்று கையேட்டில் எழுதுகிறேன்.

எதிர்ப்பக்கத்துச் சொல் இன்னும் அமையவில்லை. ‘நேரடி முகவரி’ என்று எல்லாரும் எழுதினோம், ஆனால் ஒத்திகைக்களத்தோடும் நிரல் நேரடியாகத்தான் பேசுகிறது. ‘நேரலை’ ஒளிபரப்பை நினைவூட்டுகிறது. ‘மெய்க்களம்’ என்று எழுதிப் பார்த்தேன், திரையில் அது போர்க்களத்தைப் போலத் தோன்றுகிறது. ‘அரங்கு’ சரியாக வருமா என்று சொல்லுங்கள்.